புகார் வந்த பதிவுகளின் வரிசை: எதை முதலில் பார்ப்பது, எத்தனை மணி நேரத்தில் முடிப்பது

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பொதுவான ஓர் உள்ளூர்ச் செயலியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அதில் அஸ்தம்பட்டியில் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்கு விளம்பரம் போடுகிறார்கள், மலைப்பாதை திறந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள், ஏற்காட்டில் அறை வாடகை பேசுகிறார்கள். யாரும் எதையும் எழுதலாம், தவறாகத் தோன்றினால் யாரும் புகார் செய்யலாம். புகார் வந்த பதிவுகள் ஒரு வரிசையில் சேர்கின்றன. இரண்டு அல்லது மூன்று தன்னார்வலர்கள் வேலைக்கு நடுவே அவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இந்த அளவிலான குழுவுக்கு வரிசையை எப்படி அடுக்குவது, எந்தக் காலக்கெடுவை நேர்மையாக அறிவிக்க முடியும் என்பதே இங்கே பேசப்படுவது.

பெரும்பாலோர் முதலில் செய்வது, அதிகப் புகார் வந்ததை மேலே வைப்பது. தொடக்கமாக அது சரிதான். பலர் கண்ணில் பட்டு உறுத்திய பதிவு பலருக்குத் தீங்கு செய்யக்கூடியது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் மூன்று விதமாகக் கெடும். கூட்டமாக வந்து புகார் குவிப்பவர்கள் வரிசையின் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவரை மட்டுமே பாதிக்கும் கொடுமையான பதிவு ஒற்றைப் புகாருடன் அடியில் கிடக்கும். ஒரே புகார் வந்த சாதாரணப் பதிவுகள் நாள் கணக்கில் திறக்கப்படாமலே இருக்கும். கீழே உள்ள படிகள் இந்த மூன்றையும் அடைப்பதற்கானவை.

படி 1: ஒரு பதிவுக்கு ஒரே வரி

வரிசையில் ஒவ்வொரு புகாரும் தனி வரியாக நிற்கக் கூடாது. பத்துப் பேர் புகார் செய்த ஒரு பதிவு ஒரே வரியாக, பக்கத்தில் பத்துப் புகார்களோடு தெரிய வேண்டும். ஒருவர் ஒரு பதிவின் மேல் எத்தனை முறை அழுத்தினாலும் அது ஒன்றாகத்தான் கணக்கில் வர வேண்டும். தரவுத்தளத்தில் `UNIQUE (post_id, reporter_id)` என்ற கட்டுப்பாடு இதைப் பார்த்துக்கொள்ளும்.

புகார் வந்த நொடியில் பதிவின் எழுத்தையும் படத்தையும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். புகார் வந்ததை உணர்ந்து தொலைபேசி எண்ணை மட்டும் அழித்துவிட்டு, பிறகு மறுபடி சேர்ப்பவர்கள் உண்டு. நகல் இல்லாவிட்டால் சோதிப்பவர் திறக்கும்போது குற்றமற்ற பதிவு ஒன்றுதான் கண்ணில் படும்; புகார் செய்தவர் பொய்யராகிவிடுவார். ஒரு வகையின் நகலை மட்டும் பொது வரிசையில் காட்டக் கூடாது: குழந்தைகள் தொடர்பான பாலியல் படங்கள். அதைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 2: இரண்டு தடங்கள் போதும்

புகாரின் காரணத்தைக் கேட்கும்போது ஐந்தாறு எளிய வாக்கியங்களைக் கொடுங்கள்: ‘பணம் கேட்டு ஏமாற்றுகிறார்’, ‘என் எண்ணையோ படத்தையோ என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்’, ‘பொய்ச் செய்தி’, ‘வசை’, ‘ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப’. சட்டப் புத்தகம்போல் பெயர் வைத்தால் எல்லாரும் ‘மற்றவை’யை அழுத்திவிட்டுப் போவார்கள். காரணம் தெரியாமல் வரிசையை அடுக்க முடியாது.

காரணங்களை ஐந்து நிலைகளாகப் பிரிக்கத் தோன்றும். சிறு குழுவுக்கு அது வேண்டாம்; இரண்டே தடங்கள் போதும். முதல் தடத்தில், ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் ஒருவருக்கு நேரடி இழப்பாகும் பதிவுகள் வரும்: குழந்தைகளுக்கு எதிரானவை, அந்தரங்கப் படங்கள், தற்கொலை எண்ணம் தெரிவிப்பவை, தனி மனிதரின் எண் அல்லது முகவரி, பணம் வசூலாகிக்கொண்டிருக்கும் மோசடி. இங்கே ஒரே ஒரு புகார் போதும், எண்ணிக்கை பார்ப்பதில்லை. மற்றவை எல்லாம் இரண்டாம் தடம்.

பண மோசடியை முதல் தடத்தில் வைப்பதைச் சிலர் மிகை என்பார்கள். மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது அறை கிடைப்பது அரிது. ‘ஏரிக்கரையில் காட்டேஜ், முன்பணம் 3,000 ரூபாய் உடனே அனுப்புங்கள்’ என்ற போலிப் பதிவு மாலைவரை நின்றால், அதற்குள் எத்தனை குடும்பங்கள் பணம் அனுப்பியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அது பொறுத்துப் பார்க்கும் விஷயமே அல்ல. பதிவை நீக்குவதோடு, பணம் அனுப்பிவிட்டவர்களுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் சொல்லிவிட வேண்டும். அங்கே எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். தற்கொலை எண்ணம் தெரியும் பதிவை வெறுமனே நீக்கிவிட்டு நகரக் கூடாது. எழுதியவருக்கு மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 உடனே போய்ச் சேர வேண்டும், குழுவில் ஒருவர் அவரிடம் பேச வேண்டும்.

குழந்தைகள் தொடர்பான பாலியல் படம் என்றால் உடனே மறைத்துவிட்டு, போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அது கடமை. ‘இதைப் பாருங்கள், சரிதானா’ என்று கேட்டுக் குழுவினருக்குள் படத்தை அனுப்பிக்கொள்வது நல்ல எண்ணத்தில் செய்தாலும் குற்றமாகிவிடும். சான்றை எப்படிப் பாதுகாப்பது என்பதைக் காவல்துறை சொல்கிறபடி செய்யுங்கள்.

கவனம் ஈர்ப்பதற்காகவே சாதாரணச் சண்டையையும் முதல் தடத்தின் காரணத்தில் புகார் செய்பவர்கள் வருவார்கள். ஒருவருடைய முதல் தடப் புகார்கள் தொடர்ந்து பொய்யாகப் போனால், அவருடைய அடுத்த புகாருக்கு இன்னொருவரின் புகாரும் சேர்ந்தால்தான் முதல் தடம் என்று வையுங்கள். குழந்தைகள் தொடர்பான காரணத்துக்கு மட்டும் இந்த விதி வேண்டாம்.

படி 3: தலைகளை எண்ணாமல் எடை போடுதல்

இரண்டாம் தடத்தில் புகார்களே வரிசையைத் தீர்மானிக்கின்றன. ஆனால் எல்லாப் புகாரும் ஒரே எடை அல்ல. ஒருவர் இதுவரை செய்த புகார்களில் எத்தனை சரியாக இருந்தன என்பதிலிருந்து அவருடைய எடை வருகிறது:

```
trust = (accepted + 1) / (total + 2)
```

ஒன்றையும் இரண்டையும் கூட்டுவது புதியவர்களுக்காக. இதுவரை புகாரே செய்யாதவருக்கு 1/2, அதாவது 0.5 கிடைக்கிறது. எட்டுப் புகார்களில் ஏழு சரியாக இருந்தவருக்கு 8/10 = 0.8. எட்டில் இரண்டு மட்டும் சரியாக இருந்தவருக்கு 3/10 = 0.3. ஒரே ஒரு புகார் தவறிப்போனவர் பூச்சியத்துக்கு விழுந்துவிடமாட்டார், 1/3 இருக்கும். கணக்குத் தொடங்கி ஒரு வாரம் ஆகாதவர்களுக்கு 0.1 என்று கட்டிவிடுங்கள். கூட்டப் புகார்கள் பெரும்பாலும் அன்று காலையில் திறந்த கணக்குகளிலிருந்துதான் வரும். முதல் தடத்துக்கு இந்தக் கட்டு கிடையாது. தன் எண்ணை யாரோ போட்டுவிட்டதைப் பார்த்துப் பதறி, புகார் செய்வதற்காகவே கணக்குத் திறக்கும் பெண்ணும் புதியவர்தான்.

ஒரு பதிவின் எடை என்பது புகார் செய்தவர்களுடைய எடைகளின் கூட்டுத்தொகை. இத்தனை எடை சேர்ந்தால் பதிவு தானாக மறைந்துவிடும் என்று மட்டும் அமைக்காதீர்கள். அது எதிராளியின் வாயை அடைக்கும் பொத்தானைக் கூட்டத்தின் கையில் கொடுப்பதாகும். தானாக மறைப்பது அந்தரங்கப் படம், குழந்தைகள் தொடர்பானவை போன்ற சில முதல் தடக் காரணங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

படி 4: எவ்வளவு நேரம் என்று வாக்குக் கொடுப்பது

காலக்கெடுவை ஆசையிலிருந்து எடுக்கக் கூடாது, கையிலிருக்கும் மனித நேரத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக ஒரு நாளைக்கு 80 பதிவுகள் புகாருக்கு வருகின்றன, ஒன்றைப் பார்த்து முடிக்கச் சராசரியாக 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 240 நிமிடம். குழு நான்கு அமர்வுகளாக உட்காருகிறது: காலை 7 முதல் 8.30, 11.30 முதல் 1, மாலை 4.30 முதல் 6, இரவு 8.30 முதல் 10. மொத்தம் 360 நிமிடம். மூன்றில் இரண்டு பங்கு நேரம் வேலைக்குப் போகிறது, ஒரு பங்கு மிஞ்சுகிறது. அந்த மிச்சம் வீண் அல்ல. புகார்கள் சீராக வருவதில்லை, அலையலையாக வருகின்றன. நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பிவிட்டால் காத்திருப்பு மளமளவென்று கூடும்.

இனி, அமர்வுகளுக்கு இடையே மிக நீண்ட இடைவெளியைப் பாருங்கள். பகல் 1 முதல் 4.30 வரை, மூன்றரை மணி நேரம். இதைவிடக் குறைந்த கெடுவை அறிவித்தால் அது முதல் நாளே பொய்யாகும். 1.05-க்கு வந்த புகார் 4.30 வரை திறக்கப்படாது. அதற்குள் ஏறக்குறைய 19 பதிவுகள் சேர்ந்திருக்கும், அவற்றை முடிக்க 57 நிமிடம் ஆகும். கடைசியாக நின்ற பதிவு நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். ஆகவே நேர்மையான வாக்கு இப்படி இருக்கும்: ‘காலை 7 முதல் இரவு 10 வரையிலான நேரத்தில், புகார் வந்த பதிவுகளில் நூற்றுக்குத் தொண்ணூறை 4 மணி நேரத்துக்குள் முடிப்போம்.’ இரவு 10-க்கு மேல் வந்தவற்றின் கடிகாரம் காலை 7-க்கு ஓடத் தொடங்கும்.

முதல் தடத்துக்கு 1 மணி நேரம், இரவிலும் பகலிலும். அதன் கடிகாரம் நிற்பதில்லை. அமர்வுகளை நம்பி இதைக் காப்பாற்ற முடியாது. முறை வைத்து ஒருவருடைய தொலைபேசிக்கு மணியடிக்க வேண்டும். மணியடித்து 20 நிமிடத்தில் அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போக வேண்டும். மலைப்பாதையில் வண்டியோட்டிக்கொண்டிருப்பவரின் தொலைபேசியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் நேரத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று எண்ணித் திட்டமிடாதீர்கள். ஏற்காடு போகிற நாளில் முறையை மாற்றிக்கொள்ளட்டும்.

சட்டம் சொல்லும் கெடுவும் உண்டு. 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் வெளியானபோது, புகாரை 24 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து 15 நாளுக்குள் முடிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் முறையிட்ட அந்தரங்கப் படத்தை 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று வைத்தன. 2022 திருத்தம் சில வகை நீக்கக் கோரிக்கைகளுக்கு 72 மணி நேரம் என்றது. இந்த விதிகள் திருத்தப்பட்டு இறுகி வருவதால், நடப்பிலுள்ள வாசகத்தைப் படித்துத்தான் உங்கள் கெடுவை எழுத வேண்டும். அது தாண்டக் கூடாத கடைசிக் கோடு. நாம் வைக்கும் கெடு அதற்கு வெகுவாக உள்ளே இருக்க வேண்டும்.

படி 5: எல்லாவற்றையும் சேர்த்து அடுக்குதல்

புகார் பதிவாகும்போதே அதன் கெடு நேரத்தைக் கணக்கிட்டு `due_at` என்ற இடத்தில் எழுதிவிடுங்கள். இரவு நேர விதி, தட விதி எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். பிறகு வரிசை இவ்வளவுதான்:

```sql
SELECT r.post_id,
       SUM(u.trust)  AS weight,
       MIN(r.due_at) AS due
FROM reports r
JOIN users u ON u.id = r.reporter_id
WHERE r.status = 'open'
GROUP BY r.post_id
ORDER BY (MIN(r.lane) = 1) DESC,
         (MIN(r.due_at) < now() + interval '1 hour') DESC,
         SUM(u.trust) DESC,
         MIN(r.created_at);
```

முதலில் முதல் தடம். அடுத்து, கெடு முடிய ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக உள்ளவை. பிறகு புகார்களின் எடை. எடை சமமானால் பழையது முன்னே. இரண்டாவது வரிதான் ஒற்றைப் புகார்ப் பதிவுகளைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால், எடை அதிகமான புதிய பதிவுகள் வந்துகொண்டே இருக்கும்வரை அவை மேலே வரவே வராது.

ஒரு சனிக்கிழமை, பகல் 11.30

மே மாதம், மலர்க் கண்காட்சி நடக்கும் வாரம் என்று வைத்துக்கொள்வோம். அமர்வு தொடங்கும்போது வரிசையில் இருப்பவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

நடிகர்களின் ரசிகர்களுக்கு இடையே ஒரு சண்டைப் பதிவு. 11.15 முதல் 24 பேர் புகார் செய்திருக்கிறார்கள். அவர்களில் 19 பேர் இந்த வாரம் கணக்குத் தொடங்கியவர்கள், ஆளுக்கு 0.1, மீதி ஐந்து பேருக்கு 0.3. எடை 1.9 + 1.5 = 3.4. கெடு மாலை 3.15.

‘மலைப்பாதையில் இன்று மண்சரிவு, யாரும் வராதீர்கள்’ என்று ஒரு படம். 10.30 முதல் ஆறு பேர் புகார், சராசரி 0.7, எடை 4.2. கெடு 2.30.

முன்பணம் கேட்கும் காட்டேஜ் பதிவு. இருவர் புகார், 0.8 + 0.75 = 1.55. முதல் தடம், 11.10-க்கு வந்தது, கெடு 12.10.

வாடகைத் தகராறில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணைப் போட்ட பதிவு. ஒரே புகார், 0.5. முதல் தடம், 11.25-க்கு வந்தது, கெடு 12.25.

ஒரே கொலுசு விளம்பரம் மூன்றாம் முறை. ஒரே புகார், 0.5. காலை 7.50-க்கு வந்து முதல் அமர்வில் கை எட்டாமல் போனது. கெடு 11.50.

எண்ணிக்கைப்படி அடுக்கியிருந்தால் ரசிகர் சண்டை தலையில், மண்சரிவு அடுத்து. எண் வெளியான பெண்ணின் பதிவு அடியில். நம் வரிசையில் காட்டேஜ், தொலைபேசி எண், கொலுசு, மண்சரிவு, ரசிகர் சண்டை என்று வருகிறது.

காட்டேஜையும் எண்ணையும் நீக்க ஐந்து நிமிடம் போதும். கொலுசு விளம்பரத்தில் பழைய இரண்டை நீக்கி ஒன்றை விட்டுவிடலாம். மண்சரிவுப் பதிவுதான் நிதானிக்க வேண்டியது. ஆறு பேரும் ‘பொய்ச் செய்தி’ என்று சொல்கிறார்கள், எடையும் அதிகம். ஆனாலும் அதை நம்பி உடனே நீக்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இந்த மலைப்பாதையில் உண்மையாகவே மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் ஒரு மெய்யான எச்சரிக்கையை, அறை முன்பதிவு கெடுகிறதே என்ற கோபத்தில் பலர் பொய் என்று புகார் செய்யலாம். படத்தைத் தேடி பழையதா என்று பாருங்கள், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள், அடிவாரத்தில் வண்டிகளை விடுகிறார்களா என்று அங்கே இருப்பவரிடம் கேளுங்கள். இதற்குப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். பழைய படம் என்று உறுதியானால் நீக்கிவிட்டு, ‘பாதை திறந்திருக்கிறது, இந்தப் படம் பழையது’ என்ற குறிப்பை அதே இடத்தில் விடுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டாம். இன்னும் உறுதியாகவில்லை என்றால் ‘சரிபார்க்கப்படுகிறது’ என்று மேலே எழுதிவிட்டு விடுவது நீக்குவதைவிட நல்லது.

ரசிகர் சண்டையில் இரண்டு வசைகளைத் தவிர ஒன்றுமில்லை என்று முடிவெடுத்தால், அந்த முடிவு நிலைக்க வேண்டும். ‘பார்த்தாயிற்று, விதிமீறல் இல்லை’ என்று குறித்த பதிவு, எழுத்து மாறினாலோ முதல் தடக் காரணத்தில் புதுப் புகார் வந்தாலோ ஒழிய மறுபடி வரிசைக்கு வரக் கூடாது. இந்த விதியை விட்டுவிட்டால் அன்று மாலைக்குள் அதே பதிவை நான்கு முறை திறந்திருப்பீர்கள்.

படி 6: ஒரே பதிவை இருவர் திறக்காமல்

ஒருவர் பதிவைத் திறந்ததும் அது அவர் பெயரில் 10 நிமிடத்துக்குப் பூட்டப்பட வேண்டும். பூட்டு தானாகத் திறப்பது முக்கியம். இல்லாவிட்டால் நடுவில் எழுந்துபோனவருடைய பதிவுகள் யார் கண்ணிலும் படாமல் தேங்கும். முடிவெடுத்ததும் புகார் செய்த எல்லாருக்கும் ஒரு வரி போக வேண்டும்: நீக்கினோம், அல்லது நீக்கவில்லை, இந்தக் காரணத்தால். பதில் வராதவர் மறுபடி மறுபடி புகார் செய்வார். நீக்கியதன் நகலைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்கும்படி 2021 விதிகள் கேட்கின்றன. அதற்கான இடத்தையும் அதைத் திறக்கக்கூடியவர் யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள்.

படி 7: கெடு காப்பாற்றப்படுகிறதா என்று அறிவது

சராசரியைப் பார்க்காதீர்கள். பத்துப் பதிவுகளில் ஒன்பது 20 நிமிடத்திலும் ஒன்று 30 மணி நேரத்திலும் முடிந்தால் சராசரி 3 மணி 18 நிமிடம். நான்கு மணி நேரத்துக்குள் என்று பெருமையாக எழுதிக்கொள்ளலாம், ஆனால் ஒருவர் முப்பது மணி நேரம் காத்திருந்தார். நூற்றுக்குத் தொண்ணூறு என்ற கணக்கும் அந்த ஒருவரை மறைத்துவிடும். ஆகவே இரண்டு எண்கள் வேண்டும்: கெடுவுக்குள் முடிந்தவற்றின் விழுக்காடு, இப்போது திறந்திருப்பவற்றில் மிகப் பழையதன் வயது. முதல் எண்ணில், கெடு தாண்டியும் இன்னும் முடியாதவற்றைத் தவறியவையாகச் சேர்க்க வேண்டும். முடிந்தவற்றை மட்டும் எண்ணினால், தேக்கம் கூடக்கூட எண் அழகாகத் தெரியும்.

நடுவில் ஒரு விரைவுச் சோதனையும் உண்டு. 15 மணி நேரத்தில் 80 பதிவு என்றால் மணிக்கு 5.3. வரிசையில் வழக்கமாக 16 பதிவுகள் நின்றால், ஒன்று சராசரியாகக் காத்திருப்பது 16-ஐ 5.3-ஆல் வகுத்த 3 மணி நேரம். வரிசையின் நீளம் வழக்கமாகவே 25-ஐத் தொட்டால் சராசரியே நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள். அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம்.

கோடை விழா வாரத்தில் 80 என்பது 130 ஆனால் தேவை 390 நிமிடம், இருப்பது 360. தினமும் பத்துப் பதிவுகள் மிஞ்சும். வரிசையை எப்படி அடுக்கினாலும் இது தீராது. அந்த வாரத்துக்கு மட்டும் பகல் 2 முதல் 3.30 வரை ஓர் அமர்வைக் கூட்டினால் 450 நிமிடம் கிடைக்கும், நீண்ட இடைவெளியும் குறையும். ஆள் கிடைக்கவில்லை என்றால் இரண்டாம் தடத்தின் கெடுவை 8 மணி நேரம் என்று விழாவுக்கு முன்பே மாற்றி அறிவித்துவிடுங்கள். முதல் தடத்தின் 1 மணி நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.